வெள்ள அவசரப் பையும் அதன் காலாவதிக் கணக்கும்

வெள்ளம் வரும் வீட்டில் அவசரப் பையைக் கட்டி வைப்பது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. அந்தப் பை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் திறந்த உடனே பயன்படும் நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் கடினம், ஏனென்றால் உள்ளே இருக்கும் உணவும் மருந்தும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முடிவு நாளை வைத்திருக்கின்றன. அந்த நாட்கள் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. எங்கள் வீட்டுப் பையை இந்த ஆண்டு முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளின் தேதியையும் ஓர் அட்டவணையில் ஏற்றி, மீண்டும் அடுக்கினேன். அந்த வேலையில் நான் கடைப்பிடித்த முறையையும், அதற்கான காரணங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு பேர்: நானும் என் மனைவியும், எட்டு வயது மகளும், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள என் அம்மாவும். வெள்ள அபாயம் ஜூலை தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதி வரை என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். வேறு மாதங்களில் அபாயம் உள்ளவர்கள் தேதிகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், கணக்கு மாறாது.

பையில் என்ன போகிறது, என்ன போகாது

முதலில் நீரின் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பையின் எடையை முடிவு செய்வது அதுதான். குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டர் என்று கொண்டால், நான்கு பேருக்கு மூன்று நாட்களுக்கு 36 லிட்டர் ஆகிறது. அதாவது 36 கிலோ. குழந்தையின் கையையும் முதியவரின் கையையும் பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கும் ஒருவரால் இதைச் சுமக்க முடியாது. எனவே பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் மட்டும் வைத்திருக்கிறேன். மீதி நீர் மாடியில் மூடிய கேன்களில் இருக்கிறது. அது வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் பயன்படும். வெளியேற நேர்ந்தால், கிடைக்கும் நீரைச் சுத்திகரிக்கக் குளோரின் மாத்திரைகள் பையில் இருக்கின்றன. இந்த மாத்திரைகள் பல அளவுகளில் வருகின்றன. ஒரு லிட்டருக்கானதும் இருபது லிட்டருக்கானதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று அச்சிட்டிருப்பதைப் பெரிய எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மாத்திரையோடு சேர்த்து வைத்தேன். கலங்கிய நீரை முதலில் நான்கு மடிப்புத் துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, பிறகே மாத்திரையைப் போட வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எரிபொருளோ பூச்சிக்கொல்லியோ கலந்த வெள்ள நீரை எந்தக் குளோரினும் குடிக்கத் தக்கதாக மாற்றாது. எண்ணெய்ப் படலம் மிதக்கும் நீரையும், பெட்ரோல் வாடை அடிக்கும் நீரையும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

மாத்திரைக்குப் பதிலாக வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை ஒரு சிறு புட்டியில் ஊற்றி வைத்தால் போதாதா என்று என் மனைவி கேட்டார். போதாது. அந்தத் திரவம் மூடிய நிலையிலேயே மாதந்தோறும் வீரியத்தை இழந்துகொண்டிருக்கும். வெப்பத்தில் இன்னும் வேகமாக இழக்கும். ஓராண்டு கழித்து எத்தனை சொட்டு விட வேண்டும் என்பதை அளவுக்கருவி இல்லாமல் சொல்ல முடியாது. படலத்தில் அடைத்த மாத்திரை பல ஆண்டுகள் தாங்கும் என்பதோடு, அதன் முடிவு நாள் அதன் மீதே அச்சாகியிருக்கும். நம்முடைய கணக்குக்கு அதுதான் வசதி.

உணவில் மூன்று நிபந்தனைகள் வைத்தேன்: சமைக்கத் தேவையில்லாதது, திறக்கக் கருவி தேவையில்லாதது, தாகத்தை அதிகப்படுத்தாதது. பிஸ்கட், உலர்பழம், உப்பிடாத வேர்க்கடலை, வளையத்தை இழுத்துத் திறக்கும் டப்பா உணவு, மகளுக்குச் சிறு பெட்டிப் பால் ஆகியவை தேறின. அம்மாவுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே கொடுப்பதற்குக் குளுக்கோஸ் தூள் சிறு பொட்டலங்களாகத் தனியே இருக்கிறது. இவற்றில் வேர்க்கடலைதான் சீக்கிரம் கெடும். பருப்புகளில் உள்ள எண்ணெய் வெப்பத்திலும் காற்றிலும் சிதைந்து காறல் வாடை அடிக்கத் தொடங்கும். பொட்டலத்தில் தேதி மிச்சம் இருக்கும்போதே இது நேரலாம். பிஸ்கட் நமுத்துப்போகும், ஆனால் ஆபத்தாகாது. டப்பா உணவைப் பொறுத்தவரை, மூடி உப்பியிருந்தாலோ, ஓரத் தையலில் ஒடுக்கு விழுந்திருந்தாலோ, திறக்கும்போது உள்ளிருப்பது பீறிட்டாலோ, வாயில் வைத்துப் பார்க்காமலேயே எறிந்துவிட வேண்டும். தேதி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இதில் விதிவிலக்குக் கிடையாது.

ஆவணங்களின் நகல், டார்ச், விசில், பவர் பேங்க், சானிட்டரி நாப்கின், ஒரு மாற்றுடை போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டரிகளை மட்டும் டார்ச்சுக்குள் போடாமல் வெளியே வைத்திருக்கிறேன். சாதாரண அல்கலைன் பாட்டரி நாளடைவில் கசிந்து, டார்ச்சின் தொடுமுனைகளை அரித்துவிடும். பாட்டரியிலும் தேதி அச்சிட்டிருக்கிறது. எனவே அதுவும் அட்டவணையில் ஒரு வரி.

தேதியைப் படிப்பது

பொட்டலங்களை மேசைமீது பரப்பி உட்கார்ந்தபோதுதான் எத்தனை விதமாகத் தேதி எழுதுகிறார்கள் என்பது முழுதாகத் தெரிந்தது. அட்டவணையில் ஏற்றும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு, அதாவது "இந்த நாள் முடிய வைத்துக்கொள்ளலாம்" என்ற ஒரே நாளுக்குக் கொண்டுவர வேண்டும்.

மருந்துகளில் பெரும்பாலும் மாதமும் ஆண்டும் மட்டுமே இருக்கும். 03/2028 என்று இருந்தால், 2028 மார்ச் மாதத்தின் கடைசி நாள் முடிய என்று பொருள். உணவுப் பொட்டலங்களில் சில நேரம் முடிவு நாளே இருக்காது. தயாரித்த தேதியும், "தயாரித்ததிலிருந்து ஒன்பது மாதங்கள்" என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். தயாரித்த மாதம் மட்டும் தெரிந்து நாள் தெரியவில்லை என்றால், மாதத்தின் முதல் நாளில் தயாரித்ததாகவே கொள்கிறேன். 03/04/28 என்பதுபோல மூன்று எண்களும் குழப்பமாக இருந்தால், மார்ச் 4, ஏப்ரல் 3 ஆகிய இரண்டில் முந்தியதை எடுத்துக்கொள்கிறேன். இந்த முடிவுகளால் ஒரு பொருள் சில நாட்களோ வாரங்களோ முன்னதாக வெளியே வரும். வெளியே வந்தது வீட்டில் உண்ணப்படும் என்பதால் நட்டம் எதுவும் இல்லை.

உணவில் இரண்டு வகைத் தேதிகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று, இந்த நாளுக்கு முன் உண்டால் சுவையும் மணமும் சிறப்பாக இருக்கும் என்பது. மற்றொன்று, இந்த நாளுக்குப் பிறகு உண்ணவே கூடாது என்பது. முதல் வகையில் உள்ள டப்பா உணவு தேதி கடந்த மறுநாளே கெட்டுவிடுவதில்லை. இருந்தாலும் அட்டவணையில் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறேன். நெருக்கடியில், இருட்டில், எது எந்த வகை என்று யோசிக்கும் சுமையைப் பையிலிருந்து அகற்றிவிடுவதுதான் இந்த வேலையின் நோக்கம். குழந்தைகளுக்கான பால்மாவு மட்டும் இந்தத் தளர்வுக்குள் எப்போதும் வராது. தேதி கடந்தால் அதன் சத்துகள் குறிப்பிட்ட அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது.

மாத்திரை அட்டைகளில் வேறொரு சிக்கல். தேதி அட்டையின் ஒரு முனையில் மட்டுமே அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுக்கும்போது, எந்த முனை நம் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்து அந்த நான்கு மாத்திரைகளுக்குத் தேதி உண்டு அல்லது இல்லை. பைக்கு வாங்கும் மருந்து முழு அட்டையாகவே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். வெட்டிய துண்டுதான் கிடைக்கும் என்றால், முழு அட்டையில் இருக்கும் பெயர், அளவு, தேதி ஆகியவற்றைக் கடையிலேயே பார்த்து, காகித ஒட்டுநாடாவில் எழுதி அட்டையின் பின்புறம் ஒட்டிவிட வேண்டும். எழுதுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. பிளாஸ்டிக் மீது நிரந்தர மார்க்கரால் எழுதியது தண்ணீரில் அழியாது. ஆனால் கைகழுவும் சானிடைசர் பட்டால் உடனே கரைந்துவிடும், ஏனென்றால் அதன் மை ஆல்கஹாலில் கரையக்கூடியது. எழுதிய பிறகு மேலே ஒளிபுகும் ஒட்டுநாடா ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை இல்லை.

அட்டவணை: இன்றைய தேதியோடு ஒப்பிடக் கூடாது

பொதுவாக எல்லோரும் செய்வது, ஒவ்வொரு பொருளின் தேதிக்கும் முப்பது நாட்கள் முன்பு தொலைபேசியில் ஒரு நினைவூட்டல் வைப்பது. வெள்ளப் பைக்கு அது பொருந்தாது. ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் முடிவு நாள் 2027 செப்டம்பர் 15 என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் நினைவூட்டல் ஆகஸ்ட் 16 அன்று ஒலிக்கும். அது வெள்ளக் காலத்தின் நடுப்பகுதி. அன்று சாலை இருக்குமா, கடை திறந்திருக்குமா, நாம் வீட்டில் இருப்போமா என்பதே தெரியாது. அதே பொட்டலத்தை ஜூன் 1 அன்று வெளியே எடுத்துவிட்டால், உண்டு தீர்க்க மூன்றரை மாதங்கள் இருக்கின்றன. பையில் புதியது ஒன்று போய்விடுகிறது.

ஆகவே ஒவ்வொரு பொருளிடமும் நான் கேட்கும் கேள்வி, "நீ இன்று நல்ல நிலையில் இருக்கிறாயா" என்பதல்ல. "இந்த வெள்ளக் காலம் முடிந்து ஒரு மாதம் வரை தாங்குவாயா" என்பது. அக்டோபர் 31-உடன் ஒரு மாதம் சேர்த்து, நவம்பர் 30 என்ற ஒரே நாளை எல்லைக்கோடாக வைத்தேன். அந்தக் கூடுதல் மாதம், வெள்ளம் கடைசி வாரத்தில் வந்து நாம் தற்காலிக இடத்தில் தங்க நேரும் நாட்களுக்காக. பெரிய சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் தொடக்கத்தில்.

விரிதாள் மென்பொருளில் போட்ட அந்த அட்டவணையில் ஏழு பத்திகள். A-இல் பொருளின் பெயர், B-இல் எண்ணிக்கை, C-இல் அச்சிட்ட கடைசி நாள், D-இல் திறந்த நாள், E-இல் திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பது. F-உம் G-உம் தாமாகக் கணக்கிடுபவை: F உண்மையான முடிவு நாள், G தீர்ப்பு. எல்லைக்கோடு K1 கட்டத்தில் இருக்கிறது.

```
K1:  =DATE(2027,11,30)
F2:  =MIN(C2,IF(D2="",C2,D2+E2))
G2:  =IF(F2<$K$1,"மாற்று","சரி")
```

C பத்தியில் தேதியை இடும்போது, மாதமும் ஆண்டும் மட்டும் உள்ள மருந்துக்கு முதல் வரியையும், தயாரித்த மாதத்திலிருந்து ஒன்பது மாதம் என்று உள்ள உணவுக்கு இரண்டாவது வரியையும் பயன்படுத்துகிறேன்.

```
=EOMONTH(DATE(2028,3,1),0)
=EDATE(DATE(2027,2,1),9)
```

முதலாவது 2028 மார்ச் 31 என்று தரும். இரண்டாவது 2027 நவம்பர் 1 என்று தரும். அது எல்லைக்கோட்டுக்கு முன்பே வருவதால் G பத்தியில் "மாற்று" என்று விழும். சில மென்பொருள்களில் விடை வெறும் எண்ணாகத் தெரியக்கூடும். கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும். கையால் தட்டச்சு செய்யும் தேதியை மென்பொருள் சில நேரம் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டுவிடும். அப்போது கணக்கு தவறிப்போகும். கண்டுபிடிக்கும் வழி எளிது: உண்மையான தேதி கட்டத்தின் வலப்புறமாக ஒட்டி நிற்கும், எழுத்தாக மாறிப்போனது இடப்புறமாக நிற்கும். தேதியே தெரியாத பொருளுக்கு C-ஐயும் D-ஐயும் காலியாக விட்டால், இந்தச் சூத்திரம் அதைத் தானாகவே "மாற்று" என்று காட்டும். அதைத் திருத்த வேண்டாம். தேதி தெரியாத மருந்தைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவும் அதுவேதான்.

முழு அட்டவணையையும் F பத்தியின்படி வரிசைப்படுத்தினால், முதல் வரியில் நிற்பதுதான் பையின் உண்மையான ஆயுள்.

மருந்துகள்: மூன்று வகை, மூன்று நடைமுறை

இந்த வேலையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அம்மாவின் மருந்துகள். எல்லா மருந்தையும் ஒரே விதியின் கீழ் கொண்டுவர முடியாது என்பதால், மூன்றாகப் பிரித்தேன்.

முதல் வகை, அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகள். இவற்றுக்குத் தேதிக் கண்காணிப்பைவிடச் சுழற்சிதான் முக்கியம். இரண்டு வார அளவு மாத்திரை பையில் எப்போதும் இருக்கிறது. மாதந்தோறும் புதிய மருந்து வாங்கி வரும் நாளில், பையில் இருப்பதை வெளியே எடுத்து அன்றாடப் பெட்டியில் வைத்துவிட்டு, புதிதாக வந்ததைப் பைக்குள் வைக்கிறோம். அன்றாட மருந்து இப்படிச் சுழன்றுகொண்டே இருப்பதால், காலாவதி நாளை அது நெருங்குவதே இல்லை. ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்: புதிதாக வாங்கிய அட்டையின் தேதி பழையதைவிடப் பிந்தியதுதானா என்பது. கடையில் இருப்பு எந்த வரிசையில் போகிறது என்பது நமக்குத் தெரியாது. இன்று வாங்கியது சென்ற மாதம் வாங்கியதற்கு முன்பே முடியலாம்.

இந்த வகையில் காலாவதியைவிடப் பெரிய ஆபத்து, மருந்தின் அளவு மாறுவது. மருத்துவர் 5 மில்லிகிராமை 2.5 ஆகக் குறைத்திருப்பார். வீட்டுப் பெட்டியில் மாற்றியிருப்போம். பையில் பழைய 5 மில்லிகிராம் அட்டை அப்படியே இருக்கும். தேதி சரியாக இருப்பதால் எந்த அட்டவணையும் இதைக் காட்டிக்கொடுக்காது. எனவே மருந்துச் சீட்டின் நகலைப் பையில் வைத்து, அதன் மேல் மூலையில் சீட்டின் தேதியை எழுதியிருக்கிறேன். சீட்டு மாறும் அன்றே பையும் மாறும் என்பது எங்கள் வீட்டு விதி. சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வைப்பது நல்லது. முகாமில் வேறு நிறுவனத்தின் மருந்துதான் கிடைக்கும் என்றால், மூலப் பெயரை வைத்துத்தான் அது அதே மருந்தா என்று மருத்துவரால் பார்க்க முடியும்.

இரண்டாம் வகை, எப்போதாவது தேவைப்படுபவை: காய்ச்சல் மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்கான களிம்பு. இவை சுழலாது, அட்டவணை உண்மையில் இவற்றுக்காகத்தான். கரைசல் பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்குக்கு முதலில் கை போவது இதற்குத்தான். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் 20.5 கிராம் தூளை சரியாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிஞ்சிக் குழந்தைக்குக் கேடு செய்யும். கூடினால் பலன் குறையும். நான் பைக்கு ஒரு லிட்டர் பாட்டில்களையே தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: முகாமில் அளவுக்குவளை தேட வேண்டாம், பாட்டிலே அளவு. 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலங்களும் கடையில் உண்டு. இரண்டையும் ஒரே பையில் கலந்து வைக்கக் கூடாது. தூள் உதிரியாக, வெண்மையாக இருக்க வேண்டும். பொட்டலத்தைக் குலுக்கும்போது சலசலக்காமல் கட்டியாக இடித்தாலோ, பிரித்தால் பழுப்பேறியிருந்தாலோ, ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். தேதி இருந்தாலும் வேண்டாம். கரைத்தபின் 24 மணி நேரம்தான் அதன் ஆயுள்.

திறந்தபின் ஆயுள் குறையும் மருந்துகளும் இந்த வகையில்தான் வருகின்றன. D, E பத்திகள் அவற்றுக்காக. கண் சொட்டு மருந்துப் புட்டியில் 2028 என்று அச்சிட்டிருந்தாலும், மூடியைத் திறந்தபின் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வாரங்கள்தான். எனவே திறந்த புட்டி எதுவும் பைக்குள் போவதில்லை. முகாமில் திறக்க நேர்ந்தால் அன்றைய தேதியைப் புட்டியின் மீதே எழுத வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை சிதைந்தால் புளிக்காடி வாடை வீசும்; அது மூக்கு காட்டிக்கொடுக்கும் அபூர்வமான மருந்து. மற்ற மாத்திரைகள் பெரும்பாலும் நிறமோ வாடையோ மாறாமலேயே வீரியம் இழக்கும் என்பதால், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

மூன்றாம் வகை, பைக்குள் இருக்கவே கூடாத மருந்து: அம்மாவின் இன்சுலின். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர்பெட்டியில் இருக்கும்போது மட்டுமே அச்சிட்ட தேதி செல்லும். வெளியே வந்த நிமிடத்திலிருந்து வேறு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பல வகை இன்சுலின்களுக்கு அது 28 நாட்கள், சிலவற்றுக்குக் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் இருக்கும். நம்முடைய வகைக்கு எத்தனை நாட்கள், எத்தனை டிகிரி வரை என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்து, E பத்தியில் இட வேண்டும். ஆகஸ்ட் 14 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினால், D-இல் அந்த நாள், E-இல் 28. F-இல் செப்டம்பர் 11 என்று வந்துவிடும், அச்சிட்ட தேதி அடுத்த ஆண்டாக இருந்தாலும். நடுவே வேறு குளிர்பெட்டியில் வைத்தாலும், வெளியே கழிந்த நாட்கள் கணக்கிலிருந்து நீங்குவதில்லை.

இன்சுலினுக்காகப் பையில் இருப்பது ஒரு காலியான காப்புப் பையும், ஊசிகளும், பளிச்சென்ற ஆரஞ்சு அட்டையும் மட்டுமே. "குளிர்பெட்டியின் கதவில் உள்ள இன்சுலினை எடு" என்று அந்த அட்டையில் எழுதி, பையின் வாய்ப்பகுதியில், திறக்கும் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அதைத் தொடாமல் பையைத் தூக்க முடியாது. பனிக்கட்டியோடு நேராக ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. நீரில் நனைத்துக் குளிர்விக்கும் பைகள் நன்றாக வேலை செய்வது வறண்ட காற்றில். மழைக்காலத்து ஈரக் காற்றில் நீர் ஆவியாவதே குறைவு என்பதால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. நிழலும், உடம்பின் சூடு படாத இடமும், 30 டிகிரிக்குக் கீழான காற்றும் கிடைத்தாலே பல வகைகள் தம் நாட்களைத் தாங்கும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலினில் கலங்கலோ துகளோ தெரிந்தால் அதைப் போடக் கூடாது.

எங்கே வைப்பது, எதில் அடைப்பது

காலாவதித் தேதி என்பது, பொருள் சொன்ன வெப்பத்தில் இருந்தால் மட்டும் செல்லும் வாக்குறுதி. பெரும்பாலான மாத்திரைகள் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்கின்றன. வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் பையைத் தூக்கி வைக்கும் இடம் கூரைக்கு அடியில் இருக்கும் பரண். வெயில் காலத்தில் வீட்டிலேயே மிகச் சூடான இடமும் அதுதான். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவு செய்யும் சிறிய வெப்பமானி ஒன்றைப் பரண், வாசல் அலமாரி, உள்ளறை அலமாரியின் மேல்தட்டு ஆகிய மூன்று இடங்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். உள்ளறை மேல்தட்டு மட்டுமே தேறியது. பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலேயும் அது இருப்பதால், பை அங்கேதான் இருக்கிறது.

அடைப்பதற்கு, வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டும் நீர்புகாப் பைகளைப் பயன்படுத்தினேன்: உணவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. வாங்கியதும் நம்பிவிடாமல், ஒவ்வொன்றிலும் மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றைப் போட்டு, கொஞ்சம் காற்றையும் விட்டு, வாயை மும்முறை சுருட்டி, பெரிய வாளியில் அமிழ்த்திப் பிடித்தேன். நல்ல பையில் ஆரம்பத்தில் ஒட்டியிருந்த குமிழிகள் மட்டும் மேலே வந்து நின்றுவிடும். தையல் பழுதான பையில் ஒரே இடத்திலிருந்து மெல்லிய குமிழ்ச்சரம் விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒன்று அடிமூலையில் தெரிந்தது. வெளியே எடுத்தபோது தாளின் ஒரு முனை மட்டும் சாம்பல் நிறமாக நனைந்திருந்தது. அந்தப் பையைத் துணிக்கு ஒதுக்கிவிட்டு, மருந்துக்குத் தேறியதை எடுத்துக்கொண்டேன்.

அட்டவணை தொலைபேசியில் இருக்கிறது. தொலைபேசி நனையும், மின்சாரம் தீரும். எனவே உணவுப் பையிலும் மருந்துப் பையிலும் ஒவ்வொரு காகித அட்டை: அதில் அந்தப் பையில் முதலில் முடியும் ஐந்து பொருட்களின் பெயரும் நாளும் மட்டும், பென்சிலால். பென்சில் எழுத்து காகிதம் நனைந்தாலும் கரையாது, அடுத்த ஜூனில் அழித்து எழுதவும் முடியும். முகாமில் எதை முதலில் உண்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்பதை அந்த ஐந்து வரிகளே சொல்லிவிடும்.

வெள்ள நீர் உள்ளே புகுந்துவிட்டால்

இந்த இடத்தில் அட்டவணையின் அதிகாரம் முடிகிறது. வெள்ள நீரில் கழிவுநீரும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கும் என்பதால், அதில் நனைந்த மருந்துக்குத் தேதி எவ்வளவு மீதம் இருந்தாலும் பொருளில்லை, விலக்க வேண்டும். உயிர்காக்கும் மருந்து ஒன்றுதான் கையில் இருக்கிறது, உறை நனைந்திருக்கிறது, உள்ளே மாத்திரை உலர்ந்தும் மாறாமலும் இருக்கிறது என்றால், மாற்று கிடைக்கும்வரை அதைப் பயன்படுத்தலாம். மாற்றைத் தேடுவது அன்றே தொடங்க வேண்டும். திருகு மூடிப் பாட்டில்களிலும், காகிதப் பெட்டிகளிலும், பிளாஸ்டிக் பொட்டலங்களிலும் உள்ள உணவு நனைந்தால் கழித்துவிட வேண்டும். திருகு இடுக்கில் புகுந்த நீரைக் கழுவி எடுக்க முடியாது. முற்றிலும் மூடிய, ஒடுக்கு விழாத உலோக டப்பாவை மட்டும் மீட்கலாம். முதலில் அதன் தாளை உரித்து, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு கொதிநீரிலோ குளோரின் கரைசலிலோ கிருமிநீக்கம் செய்ய வேண்டும். தாளோடு பெயரும், சில டப்பாக்களில் தேதியும் போய்விடும் என்பதால், உரிக்கும் முன்பே இரண்டையும் குறித்துக்கொண்டு, உலர்ந்தபின் டப்பாவின் மீதே மார்க்கரால் எழுதிவிட வேண்டும். வளையம் இழுத்துத் திறக்கும் மூடி உள்ள டப்பா நனைந்தால், அதையும் விலக்குவதே சரி.

காலம் அமைதியாகக் கழிந்தால், டிசம்பரில் ஒரு சிறு வேலை மட்டும். பவர் பேங்கைப் பாதிக்குமேல் ஏற்றி வைத்து, K1 கட்டத்தில் அடுத்த ஆண்டின் நவம்பர் 30-ஐ இடுகிறேன். அந்த நொடியே பல வரிகள் "மாற்று" என்று மாறும். அவற்றை அன்றே வாங்க வேண்டியதில்லை. ஜூன் வரை அவை பையில் இருக்கலாம், இடையில் தேதி முடிபவற்றை மட்டும் முன்னதாக எடுத்து உண்டுவிடுகிறோம். "மாற்று" என்று விழுந்த வரிகளை அப்படியே நகலெடுத்து வைத்தால், அதுவே அடுத்த ஜூன் மாதத்தின் கடைப்பட்டியல்.